தொகுத்த அட்டவணையில் சராசரி, பரவற்படி, பட்டை அகலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் முழுக்க ஒரே தரவை வைத்துத்தான் பேசுகிறேன். ஒரு புதிரை விடுவிக்க 40 பேருக்கு ஆன நேரம், அருகிலுள்ள முழு நிமிடத்துக்குத் திருத்தி எழுதியது:

```
12 15 17 19
20 21 22 24 25 26 27 28 29
30 31 31 32 33 33 34 35 35 36 37 38 39
40 41 42 43 44 46 47 49
50 52 55 58
61 66
```

தொகுக்காமல் நேரடியாகக் கணக்கிட்டால் சராசரி 35.575, பரவற்படி 160.94, திட்ட விலக்கம் 12.69. பள்ளிப் புத்தகத்தில் ‘விலக்க வர்க்கச் சராசரி’ என்று இருப்பதைத்தான் சுருக்கமாகப் பரவற்படி என்கிறேன். உண்மையான விடை முன்கூட்டியே தெரிந்திருப்பதால், அட்டவணை எங்கே, எவ்வளவு விலகுகிறது என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளலாம்.

என்னிடம் பிரிவுகளும் நிகழ்வெண்களும் மட்டும்தான் இருக்கின்றன. இதிலிருந்து சராசரியையும் பரவற்படியையும் எப்படி எடுப்பது?

ஒரு பிரிவில் விழுந்த எல்லோரும் அந்தப் பிரிவின் நடுப்புள்ளியிலேயே இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். 30–39 என்ற பிரிவில் 13 பேர் என்றால், 34.5 என்ற எண் 13 முறை வந்ததாகக் கணக்கு. அதற்கப்புறம் எல்லாம் சாதாரணச் சராசரிக் கணக்குதான்.

கையால் செய்யும்போது படி விலக்க முறை வேலையைக் குறைக்கும். நடுவில் இருக்கும் ஒரு நடுப்புள்ளியை A என்று எடுத்துக்கொண்டு, d = (x − A)/h என்று மாற்றினால் பெரிய எண்களே வராது. இங்கே A = 34.5, பிரிவு அகலம் h = 10.

| பிரிவு | நடுப்புள்ளி x | f | d | fd | fd² |
|---|---|---|---|---|---|
| 10–19 | 14.5 | 4 | −2 | −8 | 16 |
| 20–29 | 24.5 | 9 | −1 | −9 | 9 |
| 30–39 | 34.5 | 13 | 0 | 0 | 0 |
| 40–49 | 44.5 | 8 | 1 | 8 | 8 |
| 50–59 | 54.5 | 4 | 2 | 8 | 16 |
| 60–69 | 64.5 | 2 | 3 | 6 | 18 |
| மொத்தம் | | 40 | | 5 | 67 |

சராசரி = A + h × (Σfd/n) = 34.5 + 10 × 5/40 = 35.75.

பரவற்படி = h² × [Σfd²/n − (Σfd/n)²] = 100 × [1.675 − 0.015625] = 165.94. திட்ட விலக்கம் 12.88.

சராசரி 0.175 நிமிடம்தான் விலகியிருக்கிறது. பரவற்படியோ 5 கூடியிருக்கிறது. இந்த 5 எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தப் பக்கத்தின் முக்கியமான விஷயம். கொஞ்சம் கீழே அதற்கு வருவோம்.

எனக்குத் திட்ட விலக்கம் 27.8 என்று வருகிறது. எங்கே தப்பு?

நீங்கள் f × d² எடுக்காமல் (fd)² எடுத்துவிட்டீர்கள். கடைசி நெடுவரிசையில் 64, 81, 0, 64, 64, 36 என்று எழுதியிருப்பீர்கள். கூட்டினால் 309 வரும், அதிலிருந்து 27.8 கிடைக்கும். எண்ணைப் பார்த்தே சந்தேகப்படலாம். தரவு 10க்கும் 70க்கும் நடுவில் அடங்கியிருக்கும்போது திட்ட விலக்கம் 30ஐத் தொட வேண்டுமானால், பாதிப் பேர் ஒரு முனையிலும் பாதிப் பேர் மறுமுனையிலும் நிற்க வேண்டும். நம் அட்டவணையில் கூட்டம் நடுவில்தான் இருக்கிறது.

இன்னொரு தப்பு, h²ஆல் பெருக்க மறப்பது. அப்போது பரவற்படி 1.66 என்று வரும். 60 நிமிட வீச்சுக்கு அது பொருந்தாது என்பது பார்த்தவுடனே தெரியும்.

20–29 என்ற பிரிவின் நடுப்புள்ளி 24.5ஆ, 25ஆ?

எண்கள் எப்படிப் பதிவாயின என்பதைக் கேட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். அட்டவணையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

நம் தரவில் நிமிடங்கள் அருகிலுள்ள முழு எண்ணுக்குத் திருத்தப்பட்டவை. 19.5 முதல் 20.5 வரை எடுத்தவர் எல்லோரும் 20 என்று பதிவாகியிருப்பார்கள். ஆகவே 20–29 என்பதன் உண்மையான எல்லைகள் 19.5, 29.5. நடுப்புள்ளி 24.5.

இதே பிரிவு வயதைக் குறித்தால் கதை வேறு. நிறைவடைந்த வயதைச் சொல்லும்போது, 29 வயதும் 11 மாதமும் ஆனவர்கூட 29 என்றுதான் சொல்வார். அப்போது உண்மையான எல்லைகள் 20, 30. நடுப்புள்ளி 25.

நடுப்புள்ளியை எல்லாப் பிரிவிலும் 0.5 தள்ளி எடுத்துவிட்டால் சராசரியும் சரியாக 0.5 தள்ளிப் போகும். பரவற்படி மாறாது, ஏனென்றால் எல்லாப் புள்ளிகளும் ஒன்றாக நகர்ந்தன. ஆனால் அகலத்தை 29 − 20 = 9 என்று எடுப்பது பெரிய தப்பு. நம் கணக்கில் h = 9 என்று போட்டால் பரவற்படி 134.4 ஆகக் குறைந்துவிடும். அகலம் என்பது அடுத்தடுத்த இரண்டு பிரிவுகளின் கீழ் எல்லைகளுக்கு இடையிலான தூரம்: 30 − 20 = 10. இந்த வழியில் எடுத்தால் எந்த வகை அட்டவணையிலும் தவறாது.

எல்லோரும் நடுவிலேயே இருப்பதாகச் சொல்வது பொய்தானே? அப்புறம் சராசரியை எப்படி நம்புவது?

பொய்தான், ஆனால் அளவு தெரிந்த பொய். ஒருவரின் உண்மையான மதிப்பு நடுப்புள்ளியிலிருந்து அதிகபட்சம் h/2 தூரம்தான் விலக முடியும். எல்லோரும் ஒரே பக்கம் முழுதாக விலகினால்கூட சராசரியில் வரும் பிழை h/2ஐத் தாண்டாது. நம் அட்டவணையில் அது 5 நிமிடம்.

நடைமுறையில் அவ்வளவு வராது. ஒரு பிரிவுக்குள் சிலர் நடுப்புள்ளிக்கு இடப்பக்கம், சிலர் வலப்பக்கம். பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அவை பிரிவுக்குள் சீராகப் பரவியிருந்தால், சராசரியில் எதிர்பார்க்கத்தக்க பிழை h/√(12n) அளவில் இருக்கும். இங்கே அது 0.46 நிமிடம், நமக்கு வந்தது 0.175.

இந்த அடித்துக்கொள்ளல் நடக்காத ஓர் இடம் உண்டு. ஆட்களிடம் ‘எவ்வளவு நேரம் ஆனது?’ என்று வாயால் கேட்டால் 20, 30, 40 என்று முழுப் பத்துகளாகவே சொல்வார்கள். அப்போது 30–39 பிரிவில் இருப்பவர்களில் பெரும்பாலோர் 30இலேயே குவிந்திருப்பார்கள், நீங்களோ அவர்களை 34.5இல் வைப்பீர்கள். எல்லாப் பிரிவிலும் பிழை ஒரே திசையில் போகும், சராசரி நாலு நிமிடம் வரைகூட ஏறிவிடும். மூலத் தரவு கையில் இருந்தால் கடைசி இலக்கங்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். பூஜ்ஜியங்கள் பத்தில் ஒரு பங்கைவிட மிக அதிகமாக இருந்தால் குவியல் இருக்கிறது. அப்போது குவியும் எண் நடுவில் வரும்படி 25–34, 35–44 என்று பிரிவுகளை அமைக்க வேண்டும்.

பிரிவுக்குள் இருக்கும் சிதறலை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை. அப்படியானால் பரவற்படி குறையத்தானே வேண்டும்? ஏன் கூடுகிறது?

நானும் நெடுநாள் குறையும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம், அந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பார்க்க, ஒவ்வொரு பிரிவின் உண்மையான சராசரியை அதன் நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

10–19 பிரிவில் இருக்கும் 12, 15, 17, 19 ஆகியவற்றின் சராசரி 15.75. நாம் அவர்களை வைத்த இடம் 14.5. மறுமுனையில் 60–69 பிரிவில் உண்மைச் சராசரி 63.5, நாம் வைத்தது 64.5. 50–59இல் உண்மை 53.75, வைத்தது 54.5. இடப்பக்கம் இருப்பவர்களை இன்னும் இடப்பக்கமும், வலப்பக்கம் இருப்பவர்களை இன்னும் வலப்பக்கமும் தள்ளியிருக்கிறோம்.

இது இந்தத் தரவின் தற்செயல் அல்ல. நடுவில் குவிந்து ஓரங்களில் மெலியும் எந்தப் பரவலிலும், ஓரப் பிரிவுக்குள் இருப்பவர்கள் கூட்டம் இருக்கும் பக்கமாகத்தான் சாய்ந்திருப்பார்கள். நடுப்புள்ளி அந்தச் சாய்வைப் பார்ப்பதில்லை.

ஆகவே இரண்டு விசைகள் எதிரெதிராக வேலை செய்கின்றன. பிரிவுக்குள் இருக்கும் சிதறலை விட்டுவிட்டதால் பரவற்படி குறைகிறது. நம் தரவில் இந்த இழப்பு 7.99. ஆட்களை வெளிப்பக்கம் தள்ளியதால் கூடுகிறது. இந்த வரவு 12.99. கழித்தால் மிச்சம் 5.00. மேலே 160.94 என்பது 165.94 ஆனது இப்படித்தான்.

கோட்பாட்டில், வழுவழுப்பாக இரு முனையிலும் சரியும் பரவலுக்கு இழப்பு h²/12, வரவு 2 × h²/12. நிகரக் கூடுதல் h²/12. அகலம் 10 என்றால் 8.33. நமக்கு 5 மட்டும் வந்ததற்குக் காரணம், 40 பேர் கொண்ட சிறு தரவு அவ்வளவு வழுவழுப்பாக இருக்காது என்பதுதான்.

அப்படியானால் h²/12ஐக் கழித்துவிட்டால் போதுமா?

அதைத்தான் ஷெப்பர்டின் திருத்தம் என்கிறோம். வில்லியம் ஷெப்பர்ட் 1890களின் இறுதியில் தந்தது. சராசரிக்கு இந்தத் திருத்தம் கிடையாது, பரவற்படிக்கு மட்டும்தான். அதே 40 பேரை மூன்று அகலங்களில் தொகுத்துப் பார்த்தேன், உண்மை 160.94 என்பதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

| அகலம் | சராசரி | பரவற்படி | திருத்திய பின் |
|---|---|---|---|
| 5 | 35.75 | 163.44 | 161.35 |
| 10 | 35.75 | 165.94 | 157.60 |
| 20 | 36.00 | 177.75 | 144.42 |

அகலம் 5இல் திருத்தம் அருமையாக வேலை செய்கிறது. 10இல் கொஞ்சம் அதிகமாகக் கழித்துவிட்டது, ஆனாலும் முன்பைவிட உண்மைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 20இல் பிரயோஜனமே இல்லை: 17 கூடுதலாக இருந்தது, இப்போது 16.5 குறைவாக இருக்கிறது. அகலம் 20 என்பது திட்ட விலக்கத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். மூன்றே பிரிவுகளில் பரவலின் வடிவம் என்று சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை, வடிவத்தை நம்பி எழுந்த திருத்தமும் நிற்க முடிவதில்லை.

இதைவிடக் கவனிக்க வேண்டியது, திருத்தம் முற்றிலும் எதிர்த்திசையில் போகும் நேரம். 0 முதல் 60 வரை எல்லா மதிப்பும் சம அளவில் வரும் ஒரு பரவலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உண்மையான பரவற்படி 60²/12 = 300. பத்துப் பத்தாகத் தொகுத்தால் 291.67 வரும், அதாவது 8.33 குறையும். இங்கே ஓரம் மெலிவதில்லை. ஒவ்வொரு பிரிவின் சராசரியும் நடுப்புள்ளியிலேயே இருக்கிறது. வெளிப்பக்கத் தள்ளல் இல்லை, இழப்பு மட்டும் இருக்கிறது. இந்த இடத்தில் ஷெப்பர்டைக் கொண்டுவந்து மேலும் 8.33 கழித்தால் தப்பு இரட்டிப்பாகும்.

அட்டவணையின் முதல் பிரிவையும் கடைசிப் பிரிவையும் பாருங்கள். இரண்டிலும் நிகழ்வெண் சிறியதாகி, நடுவை நோக்கிப் படிப்படியாக ஏறினால் கழிக்கலாம். முதல் பிரிவிலேயே உச்சம் இருந்தால், உதாரணமாக 0இலிருந்து தொடங்கும் காத்திருப்பு நேரங்களில், திருத்தத்தைத் தொடாதீர்கள்.

கணக்குக்கு எவ்வளவு அகலம் வரை பரவாயில்லை?

h²/12 என்பதைப் பரவற்படியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். அகலம் திட்ட விலக்கத்தில் பாதி என்றால் பரவற்படி ஏறக்குறைய 2 விழுக்காடு கூடும். அகலம் திட்ட விலக்கத்துக்குச் சமம் என்றால் 8 விழுக்காட்டுக்கு மேல் போகும். பாதியைத் தாண்டாமல் இருப்பது என் வழக்கம். நம் தரவில் அது ஏறத்தாழ 6 நிமிடம்.

மூலத் தரவு கையில் இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. சராசரியையும் பரவற்படியையும் மூலத் தரவிலிருந்தே எடுங்கள். நடுப்புள்ளி முறை, அட்டவணை மட்டும் கிடைத்தவருக்கு.

ஹிஸ்டோகிராம் வரையும்போதும் அதே சிறிய அகலத்தை வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். கணக்குக்கு ஏற்ற அகலமும் பார்வைக்கு ஏற்ற அகலமும் ஒன்றல்ல. அகலம் 5இல் நம் தரவு 1, 3, 4, 5, 7, 6, 5, 3, 2, 2, 1, 1 என்று 12 பட்டைகளாகிறது. கணக்குக்கு இதுதான் மிகச் சிறந்தது என்று மேலே பார்த்தோம். ஆனால் ஹிஸ்டோகிராமில், பள்ளிப் புத்தகம் நிகழ்வுச் செவ்வகம் என்று சொல்லும் அந்தப் படத்தில், ஒவ்வொரு பட்டைக்கும் சில பேர்தான் இருப்பதால் ஓரிருவர் இடம் மாறினாலே உருவம் மாறிவிடும். அகலத்தைக் கூட்டினால் பட்டைகள் நிலைத்து நிற்கும், கூடவே நுணுக்கமும் கரையும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைத்தான் எல்லா விதிகளும் தேடுகின்றன.

அந்த விதிகள் என்ன சொல்கின்றன? எதைப் பின்பற்றுவது?

அதிகம் புழங்குவது மூன்று. ஸ்டர்ஜஸ் 1926இல் சொன்னது பட்டைகளின் எண்ணிக்கையை: 1 + log₂ n. ஸ்காட் 1979இல் தந்தது அகலத்தை: 3.49 × s / ∛n, இதில் s என்பது திட்ட விலக்கம். ஃப்ரீட்மனும் டயக்கோனிஸும் 1981இல் திட்ட விலக்கத்துக்குப் பதில் கால்மான வீச்சைப் பயன்படுத்தினார்கள்: 2 × (Q3 − Q1) / ∛n, இதில் Q1, Q3 என்பவை தரவை ஏறுவரிசையில் நாலு சம பங்காக்கும் முதல், மூன்றாம் கால்மானங்கள்.

நம் 40 பேருக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டர்ஜஸ் 6.3 என்கிறது, மேல்நோக்கித் திருத்தினால் 7 பட்டைகள்; வீச்சு 66 − 12 = 54, ஆகவே அகலம் 7.7. ஸ்காட்டுக்கு n − 1ஆல் வகுத்து எடுத்த s = 12.85, ∛40 = 3.42, அகலம் 13.1. மூன்றாவது விதிக்கு Q1 = 26.5, Q3 = 43.5, வீச்சு 17, அகலம் 9.9.

7.7, 13.1, 9.9 என்று மூன்று விடைகள். முரண்படுவதாக நினைக்க வேண்டாம்; ‘சுமார் 10’ என்பதை மூவரும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். அந்த அளவில் ஓர் உருண்டையான எண்ணை எடுத்துக்கொள்வதுதான் சரி: அகலம் 10.

தரவு பெரியதாகும்போதுதான் விதிகள் உண்மையாகவே பிரியும். 1000 மதிப்புகளுக்கு ஸ்டர்ஜஸ் 11 பட்டைகளோடு நின்றுவிடும். இயல்நிலைப் பரவலாக இருந்தால் ஸ்காட் ஏறக்குறைய 19 பட்டைகள் கேட்கும். பெரிய தரவுக்கு ஸ்டர்ஜஸை நான் பயன்படுத்துவதில்லை. இருக்கும் விவரத்தை அது வீணாக்குகிறது.

ஸ்காட்டின் பலவீனம் வேறு. பரவலுக்கு இரண்டு மேடுகள் இருந்தால் அவற்றுக்கு இடையிலான தூரமே s-ஐப் பெரிதாக்கும், அது அகலத்தைப் பெரிதாக்கும், அகலம் இரண்டு மேடுகளையும் ஒன்றாகக் கலந்துவிடும். நீங்கள் தேடிய விஷயமே காணாமல் போகும். தனியாகத் தூரத்தில் கிடக்கும் ஒன்றிரண்டு மதிப்புகளாலும் s வீங்கும். கால்மான வீச்சை அவை அவ்வளவாக அசைக்காது. அதனால் வால் நீண்ட தரவுக்கு மூன்றாவது விதி பாதுகாப்பானது.

மென்பொருளே தானாக அகலத்தைத் தேர்ந்தெடுக்கிறதே, அதை விட்டுவிட்டால் என்ன?

முழு எண் தரவு என்றால் ஒருமுறை சரிபார்க்காமல் விடாதீர்கள். பைத்தானில் `bins="auto"` என்று கொடுத்தால் `numpy` ஸ்டர்ஜஸ் அகலத்தையும் ஃப்ரீட்மன்-டயக்கோனிஸ் அகலத்தையும் ஒப்பிட்டுச் சிறியதை எடுக்கும். நம் தரவுக்கு 7 பட்டைகள் வரும். 12 முதல் 66 வரை ஏழாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 7.714 நிமிடம்.

இங்கேதான் சிக்கல். தரவு முழு எண்கள், எல்லைகளோ பின்னங்கள். முதல் பட்டைக்குள் 12 முதல் 19 வரை எட்டு முழு எண்கள் அடங்குகின்றன. ஆனால் நாலாவது பட்டை 35.14இலிருந்து 42.86 வரை போகிறது; அதற்குள் 36 முதல் 42 வரை ஏழுதான். மற்ற ஆறு பட்டைகளுக்கும் எட்டு எட்டு. படத்தில் எல்லாப் பட்டையும் ஒரே அகலமாகத் தெரியும், நாலாவது மட்டும் காரணமில்லாமல் எட்டில் ஒரு பங்கு குட்டையாகும் வாய்ப்பு இருக்கிறது. தரவில் இல்லாத ஒரு பள்ளம் படத்தில் வந்துவிடும்.

எல்லைகளை நீங்களே அரை எண்களில் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை:

```python
import numpy as np
# x: மேலே உள்ள 40 நேரங்களின் பட்டியல்
edges = np.arange(9.5, 70, 10)
f, _ = np.histogram(x, bins=edges)
# f: 4 9 13 8 4 2
```

அரை எண்ணில் எல்லை வைப்பதால் இன்னொரு குழப்பமும் தீர்கிறது. 30 நிமிடம் எடுத்தவர் 20–30இல் சேர்வாரா, 30–40இல் சேர்வாரா என்ற கேள்வி வராது. R-இன் `hist` தானாக விட்டால் மேல் எல்லையைச் சேர்த்துக்கொள்ளும், `numpy` கீழ் எல்லையைச் சேர்க்கும். எல்லையில் யாருமே இல்லாவிட்டால் இரண்டும் ஒரே படத்தைத் தரும்.

தெரியும் மேடு உண்மையா, அகலத்தால் வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தொடக்கப் புள்ளியை நகர்த்திப் பாருங்கள். அகலம் 10ஐ மாற்றாமல் 10–19க்குப் பதில் 5–14இலிருந்து தொடங்கினால் நிகழ்வெண்கள் 1, 7, 12, 11, 5, 3, 1 என்று வரும். முன்பு 9, 13, 8 என்று நடுவில் கூர்மையாக இருந்த உச்சி, இப்போது 12, 11 என்று தட்டையாகிவிட்டது. ஆகவே கூர்மை தரவின் குணமல்ல, தொடக்கப் புள்ளியின் விளைவு. ஒரே மேடு, வலப்பக்கம் கொஞ்சம் நீளும் வால் என்ற இரண்டும் அப்படியே நிற்கின்றன. அவற்றைப் பற்றி நம்பிக்கையோடு எழுதலாம்.

அப்புறம் அகலத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். அகலம் 5இல் மேலே பார்த்த 12 எண்களும் ஒரே உச்சிக்கு ஏறி, பிறகு இறங்குகின்றன. இரண்டாவது மேடு ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை.

கடைசிப் பிரிவுகளில் ஆட்கள் குறைவு. 50–69 என்று சேர்த்துவிடலாமா?

சேர்க்கலாம், ஆனால் உயரத்தை மாற்ற வேண்டும். ஹிஸ்டோகிராமில் எண்ணிக்கையைக் காட்டுவது பரப்பளவு. 6 பேர், 20 நிமிட அகலம். உயரம் நிமிடத்துக்கு 0.3 பேர். 30–39 பட்டையின் உயரம் அதே அளவில் 1.3. அகலப் பட்டையை 6 என்ற உயரத்துக்கு வரைந்துவிட்டால் வால் இரண்டு மடங்கு தடித்துத் தெரியும்.

கணக்கிலும் விலை உண்டு. அந்த 6 பேரின் உண்மைச் சராசரி 57. சேர்த்த பிரிவின் நடுப்புள்ளி 59.5. மொத்தச் சராசரி 35.75இலிருந்து 36.00க்கு ஏறிவிடும்.

கடைசிப் பிரிவு ‘60க்கு மேல்’ என்று திறந்திருந்தால் நடுப்புள்ளி என்ன?

அப்படி ஒன்று கிடையாது, ஊகம்தான். ஆகவே இரண்டு ஊகங்களை வைத்து இரண்டு முறை கணக்கிடுங்கள். 60–69 என்று எடுத்தால் முன்பு போலவே 35.75, 165.94. 60–99 என்று எடுத்தால் நடுப்புள்ளி 79.5, சராசரி 36.50, பரவற்படி 219.75. நாற்பதில் இரண்டே பேரின் இடம் தெரியாததால் சராசரி முக்கால் நிமிடம்தான் அசைந்தது, பரவற்படியோ மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது. விலக்கத்தை வர்க்கப்படுத்துவதால் ஓரத்தில் இருப்பவர்களின் கை ஓங்குகிறது.

இப்படிப்பட்ட அட்டவணையில் நான் பரவற்படியைத் தருவதில்லை. இடைநிலை அளவைத் தருவேன்: 29.5 + 10 × (20 − 13)/13 = 34.9. திறந்த பிரிவு எங்கே முடிந்தாலும் இது மாறாது. மூலத் தரவின் இடைநிலை 34.5.

வகுக்கும்போது n ஆ, n − 1 ஆ?

40 பேர்தான் உங்கள் முழுத் தொகுதி என்றால் n. அவர்கள் ஒரு பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த மாதிரி என்றால் n − 1; 165.94 என்பது 170.19 ஆகும். இந்த வித்தியாசம் 4.25. அகலம் 10 தந்த பிழை 5. இரண்டும் ஒரே அளவில் இருப்பதால், ஒன்றில் மட்டும் கண்ணாக இருந்து மற்றதை விட்டுவிடாதீர்கள்.